ஆறாவது கம்பி

திருநகரில் அக்கா வீட்டில் ஒண்டியிருந்த காலம். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோய், லாரி கிளீனராகச் சில ஊர்கள், பம்பாயில் ஓட்டல் வேலை என்று அலைந்துவிட்டுத் திரும்பியிருந்தேன். பம்பாயில் உடன் தங்கியிருந்த கோவாக்காரன் ஒருவன் தன் பழைய கிதாரைக் கொடுத்து, கொஞ்சம் வாசிக்கவும் பழக்கியிருந்தான். மற்றதை நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டிருந்தேன்.

திருப்பரங்குன்றத்தில் ஒரு மெல்லிசைக் குழு. ஆர்கன் வாசிப்பவர்தான் அதை நடத்தினார்; எல்லோரும் அவரை அண்ணன் என்றே கூப்பிடுவார்கள். அவருடைய கிதார்க்காரர் வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம சமயநல்லூர்ல கல்யாண வரவேற்பு. ஒழுங்கா வாசிச்சேன்னா இனிமே நீதான்" என்றார்.

ஞாயிறு காலை சுருதி சேர்க்க உட்கார்ந்தேன். தடித்த கம்பியை அழுத்தாமல், கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளில் ஐந்தாவது ஃப்ரெட்டின்மேல் விரலைச் சும்மா ஒட்டவைத்து மீட்டியபோது சின்ன மணி அடித்ததுபோல் ஒரு சத்தம் எழுந்தது. அடுத்த கம்பியை ஏழாவது ஃப்ரெட்டில் அதேபோல் தொட்டேன். அதிலும் அதே மணி. இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது நடுவில் ஓர் அசைவு: ங்வ, ங்வ, ங்வ. முறுக்காணியை மெல்லத் திருகினேன். அசைவு மெதுவாகி, நீண்டு, பிறகு அடங்கியது. இரண்டு கம்பியும் ஒரே ஒலியாகிவிட்டன.

இத்தனை நாள் குத்துமதிப்பாகச் சேர்த்ததெல்லாம் தப்பு என்று தோன்றியது.

அப்படியே ஒவ்வொரு சோடியாக அசைவைக் கொன்றுகொண்டு போனேன். தடித்ததிலிருந்து எண்ணினால், நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் மட்டும் இடைவெளி வேறு. நாலாவதில் நாலாம் ஃப்ரெட்டுக்குச் சற்று உள்ளே, ஐந்தாவதில் ஐந்தாம் ஃப்ரெட்டில் தொட்டால் மணிகள் ஒத்துவரும் என்று தேடிக் கண்டுபிடித்தேன். அங்கேயும் அசைவை அடக்கினேன். ஆறாவது, மெல்லிய கம்பி, ஐந்தாவதோடு சுத்தமாகச் சேர்ந்தது.

கடைசியாகத் தடித்த கம்பியின் மணியையும் மெல்லிய கம்பியையும் சேர்த்து அடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே சுரமாக இருந்தாக வேண்டும்.

ங்வங்வங்வங்வ.

மெல்லிய கம்பி இறங்கியிருந்தது. அதை ஏற்றினால் ஐந்தாவதோடு அசைந்தது. ஐந்தாவதையும் ஏற்றினால் நாலாவதோடு அசைந்தது. லாரியில் தார்ப்பாய் கட்டும்போது ஒரு மூலையை இழுத்தால் மறு மூலை தூக்கிக்கொள்ளுமே, அதேபோல. கம்பி பழசு, கிதார் மோசம், என் காது மோசம் என்று ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அதே அசைவு வந்து நின்றது.

"ஏண்டா, காலைலருந்து முறுக்கிக்கிட்டே இருக்கியே, பாட்டு எப்ப வரும்?" என்று அக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"சேர மாட்டேங்குதுக்கா."

"சேந்த மட்டும் போதும்டா. வந்து சாப்டு."

சாப்பிடப் போகவில்லை. ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றியபோது மெல்லிய கம்பி ஆணியடியில் அறுந்து கையில் சுரீரென்று அடித்தது. ஞாயிற்றுக்கிழமை, கம்பி விற்கும் கடை திறந்திருக்காது. ஐந்து கம்பிகளோடு பஸ் ஏறினேன்.

ஒத்திகை அறைக்கு வெளியே வேன் நின்றது. அண்ணன் கிதாரைப் பார்த்தார்.

"எங்கடா ஆறாவது?"

"அந்துபோச்சுண்ணே."

"கெளம்புற நேரத்துல வந்து அந்துபோச்சுங்குற?"

டிரம்ஸ்காரர் சிரித்தார். "விடுங்கண்ணே, மிச்ச அஞ்சையும் அத்துட்டான்னா, பொட்டியத் தட்டியாச்சும் வாசிப்பான்."

நடந்ததைச் சொன்னேன். அண்ணன் முழுதாகக் கேட்டார். பிறகு, அறைக்குள் இன்னும் இணைப்பைக் கழற்றாமல் இருந்த ஆர்கனில் இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். என் நாலாவது, ஐந்தாவது கம்பிகளின் சுரங்கள்தான் அவை.

"நல்லாக் கேளு."

காதைப் பக்கத்தில் கொண்டுபோனேன். உள்ளே அதே அசைவு, வேகமாக.

"இதுலயே இருக்கு மாப்ள. செஞ்சவனே அப்படித்தான் வச்சிருக்கான். ஏன்னு எனக்குந் தெரியாது. இங்க வந்து இதக் கேட்டு ஒவ்வொரு கம்பியாச் சேத்துட்டு வாசிச்சிருந்தா முடிஞ்சுபோச்சு. நீ எதுக்கு அதோட மல்லுக்கு நின்ன?"

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"இன்னைக்கிக் கிதார் இல்லாமப் பாத்துக்கிறோம். நீ வீட்டுக்குப் போ" என்றார். ஆர்கனைத் தூக்கி ஏற்ற நானும் ஒரு பக்கம் கைகொடுத்தேன். வேன் போய்விட்டது. அடுத்த கச்சேரிக்கு வேறொருவரைப் பிடித்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுபடி லாரிக்கே போனேன். செக்போஸ்ட்டில் இரண்டு லாரிகள் அருகருகே இன்ஜினை அணைக்காமல் நிற்கும்போது, இரண்டு உறுமலுக்கும் நடுவே அந்த அசைவு கேட்கும். டிரைவர் தூங்கிக்கொண்டிருப்பார். திருகி அடக்க என் கைப்பக்கம் எதுவும் இல்லை. முன்னால் வண்டி நகரும்வரை கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.