பெட்டிக்கு இடம் வேண்டாம்

டிப்ளமோ சிவில் படித்துவிட்டு, மகள் பிறந்த பிறகு வெளியே வேலைக்குப் போகாமல், கும்பகோணத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் படம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்னும் செய்யாத கட்டிலையும் இன்னும் கட்டாத சமையலறையையும் போட்டோ மாதிரி காட்டுவதுதான் என் தொழில். அப்படிப் படம் கேட்டு ஒருநாள் ஒரு தச்சர் வந்தார். ஒரத்தநாடு பக்கம் பட்டறை வைத்திருந்தார். நடவுக்கும் அறுப்புக்கும் போன குடும்பத்தில் பிறந்து, சென்னையில் பத்து வருஷம் மரவேலை கற்றுத் திரும்பியவர்.

"வேலை நல்லா செய்வேன்மா. ஆனா காட்டுறதுக்கு ஆல்பம் இல்ல" என்றார்.

"செஞ்சு முடிச்ச அலமாரிய போன்ல போட்டோ எடுக்கலாமேண்ணே?"

அவர் சிரித்தார். "மாட்டி முடிக்கிற அன்னைக்கு வீட்டுல ஒரே தூசி, கரண்டும் வந்திருக்காது. அப்புறம் போனா துணிய அடுக்கிடுறாங்க. யாரும்மா தன் அலமாரி உள்பக்கத்த ஊருக்குக் காட்டுவாங்க?"

ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு, நகரும் கதவு வைத்த ஒரு பெரிய துணி அலமாரி வேண்டும் என்றார். எட்டடி அகலம், இரண்டு கதவு, உள்ளே தட்டுகள், டிராயர்கள், மெல்லிய விளக்கு. நான் மூன்று நாள் ஆசையோடு உழைத்தேன். நடுவில் ஆறு டிராயர், இரண்டு பக்கமும் சட்டைகளும் புடவைகளும், எல்லாவற்றின் மேலும் தேன் நிறத்தில் வெளிச்சம். அதுவரை நான் போட்டதிலேயே அழகான படம் அதுதான்.

அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: "கதவு எங்கம்மா?"

"உள்ள தெரியணும்னு எடுத்துட்டேன்ணே."

"நகர்ற கதவுல ரெண்டு பக்கமும் ஒண்ணாத் திறக்காது. ஒரு கதவு இன்னொண்ணு மேல ஏறி நிக்கும். எப்பவும் பாதிதான் தெரியும். நடுவுல வச்சிருக்கீங்களே டிராயர், அத எப்படி இழுப்பீங்க?"

கதவுகளை மனசுக்குள் நகர்த்திப் பார்த்தேன். இடது கதவைத் தள்ளினால் ஆறு டிராயரின் வலது பாதி மறைந்திருக்கும். வலது கதவைத் தள்ளினால் இடது பாதி. அந்த அலமாரியில் ஒரு கைக்குட்டைகூட எடுக்க முடியாது.

"இந்த வெளிச்சம் எங்கேருந்து வருது?" என்று அடுத்துக் கேட்டார்.

எங்கிருந்தும் வரவில்லை. அந்தரத்தில் ஒரு விளக்கை வைத்து, அது கண்ணுக்குத் தெரியாதபடி செய்திருந்தேன். முகம் சுட்டது. அவர் அதைக் கண்டுகொள்ளாமல் டேப்பை எடுத்து என் மேசைமேல் நீட்டினார்.

"ஹேங்கர் தொங்க உள்ளுக்குள்ள இருபத்திரண்டு இன்ச் ஆழம் வேணும். ரெண்டு கதவும் ஓட முன்னாடி நாலு இன்ச் போயிடும். மொத்தம் இருபத்தாறு போடுங்க. நடுவுல ஒரு தடுப்பு. கதவு அந்தத் தடுப்பத் தாண்டி ஒரு இன்ச் வந்து நிக்கும், அதனால பக்கத்துல வர்ற டிராயர ரெண்டு இன்ச் தள்ளி வைங்க, இடிக்காது. லைட்டு தட்டோட முன்விளிம்புக்கு அடியில, பின்பக்கம் பார்த்து சாஞ்சிருக்கணும். பின்னாடி வச்சா கண்ணக் கூசும், துணி முன்பக்கம் இருட்டாயிடும்."

எல்லாவற்றையும் திருத்தினேன். ஒரே படத்துக்குப் பதில் இரண்டு படம்: ஒன்றில் இடப்பக்கம் திறந்திருக்கும், மற்றதில் வலப்பக்கம். முதல் படத்தின் பகட்டு போய்விட்டது. ஆனால் தட்டின் விளிம்பிலிருந்து வெளிச்சம் துணிகளின் மேல் வழிந்து இறங்கியபோது, இது நிஜமாகவே ஒரு வீட்டில் இருக்கும் என்று தோன்றியது.

அந்த ஆல்பத்தைப் பார்த்து முதலில் கூப்பிட்டவர், கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன டவுனில் புதுவீடு கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா. கணவர் பதினெட்டு வருஷமாகத் துபாயில். இரண்டு பிள்ளைகள். தச்சர் அளவெடுத்தார், அக்கா சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். படம் தயாரானதும் லேப்டாப்போடு இருவரும் போனோம். பூச்சு வேலை முடிந்த வெற்று அறையில் சிமெண்ட் மூட்டைமேல் லேப்டாப்பை வைத்தேன். அக்கா வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டு, போனைத் திரைக்கு நேராகப் பிடித்தார்.

முதல் படம் அக்காவின் பாதி. புர்க்கா தொங்க உயரமான இடம், புடவைக்கு நெருக்கமாக அமைந்த தட்டுகள், தொழுகைப் பாய்க்கு ஒரு குறுகிய தட்டு, பத்திரங்களுக்குப் பூட்டுள்ள டிராயர். "தட்டுக்குத் தட்டு ரொம்ப இடைவெளி விட்டா புடவை சரிஞ்சிடும்ல, நல்லா யோசிச்சிருக்கீங்க" என்று தச்சரைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னார்.

இரண்டாவது படத்தைத் திறந்தேன். கணவரின் பாதி. சட்டைகள், பேண்ட்கள், கீழே இரண்டு பெரிய பெட்டிகள் நிறுத்த இடம். வருகிறவருக்குப் பெட்டி வைக்க வேண்டுமே என்று நானாகப் போட்டது.

அக்கா குனிந்து அந்தப் பெட்டிகளை விரலால் தொட்டுக் காட்டினார். பிறகு போனை நோக்கிச் சொன்னார்: "மச்சான், உங்களுக்கு எதுக்கு இம்மாம் இடம்? வருஷத்துக்கு ஒரு மாசம் இருக்கப் போறீங்க. அந்தப் பெட்டியும் தொறந்தபடியேதான் கெடக்கும். இதுலயும் தட்டு போட்டா பிள்ளைங்களுக்கு ஆவும்."

கோபமில்லை அந்தக் குரலில். பழகிப்போன ஒரு கணக்கைச் சொல்வதுபோல் இருந்தது. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தச்சர் ஜன்னல் சட்டத்தைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தார்.

 

"பெட்டிக்கு இடம் வேணாம்" என்றது போனிலிருந்து கணவரின் குரல்.

"அப்ப எங்க வைக்கிறது?"

"பரண்ல தூக்கிப் போட்டுடு. இனிமே அடிக்கடி எடுக்க மாட்டேன்."

அக்காவுக்கு உடனே புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"வர்ற நோன்புக்கு முன்னாடி வந்துடுறேன். இனிமே ஊர்லயே இருந்துடலாம்னுதான். இங்க கம்பெனியில சொல்லிட்டேன். நேர்ல வந்து சொல்லலாம்னு வச்சிருந்தேன். நீ என் பாதியத் தூக்கிக் கொடுத்துடுவ போலருக்கே!"

அக்கா போனைக் கீழே இறக்கினார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. போனுக்குள்ளிருந்து "ஏம்மா, ஏம்மா" என்று கூப்பிடும் குரல் மட்டும் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் மெதுவாக வாசலுக்கு வந்துவிட்டோம். வெளியே தச்சர், "பெட்டி இருந்த இடத்துல செருப்புக்கு ரெண்டு சாய்வுத் தட்டு போட்டுடலாம்மா" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

குடிபுகுந்து சில மாதம் கழித்து மதியச் சாப்பாட்டுக்கு அழைத்தார்கள். துபாய்க்காரர் லுங்கியும் பனியனுமாக வாசலுக்கு வந்து வரவேற்றார். அலமாரியைக் காட்டக் கூட்டிப்போய், தச்சரிடம் ஒரு புகாரும் சொன்னார்:

"காலைல நான் என் பக்கத்தத் திறந்தா இவ பக்கம் மூடிக்குது. இவ திறந்தா என் பக்கம் மூடிக்குது. தினம் ஒரு சண்டை."

"அது அப்படித்தாங்க. ஒருத்தர் எடுத்த பிறகு ஒருத்தர் எடுக்கணும்" என்றார் தச்சர்.

"பழைய பீரோவுல பதினெட்டு வருஷம் நான் ஒத்த ஆளா எடுத்தேன், அப்ப நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் அக்கா, சிரித்துக்கொண்டே.

துபாய்க்காரர் கதவை நகர்த்தினார். விளக்கு தானாக எரிந்தது. தட்டுகளில் பிள்ளைகளின் சீருடை, பெருநாளுக்கு எடுத்த துணி, மடிக்காத ஒரு துண்டு. நான் படத்தில் வைத்த ஒழுங்கு எங்கும் இல்லை. வெளிச்சம் மட்டும் நான் போட்டபடியே விழுந்தது. தச்சர் போனை எடுத்ததும் அக்கா சட்டென்று கதவை இழுத்து மூடினார்.

"உள்ள எடுக்காதீங்கண்ணே. அடுக்கவே இல்ல."

தச்சர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அந்த அலமாரிக்கு நான் போட்ட இரண்டு படங்களும், பெட்டிக்குப் பதிலாகச் செருப்புத் தட்டோடு, அவருடைய ஆல்பத்தில் இருக்கின்றன. பிறகு எல்லோரும் கூடத்துக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தோம். துபாய்க்காரர்தான் பரிமாறினார். தச்சரின் தட்டில் மூன்றாவது முறை பிரியாணி வைத்துவிட்டு, தன் அண்ணன் வீட்டில் சமையலறை வேலை இருப்பதாகச் சொன்னார். தச்சர் எச்சில் கையோடு என் பக்கம் திரும்பி, "ஜன்னல் எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கேருந்து வருதுன்னு முதல்ல கேளுங்கம்மா" என்றார்.