முன்னுரை இல்லாத கட்டுரைக்கு எத்தனை புள்ளி?

போட்டி இணைப்பாளர் தொண்டையைச் செருமினாலே என் பேனா தானாக மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட வீரனைத்தான் கல்வி வலயக் கட்டுரைப் போட்டிக்குத் திருத்துநராகப் போட்டிருந்தார்கள். ஆரையம்பதிப் பாடசாலை ஒன்றின் நூலகத்தில் இருந்தோம். கூடவே காத்தான்குடியிலிருந்து வந்த ஓர் ஆசிரியை. இருவரும் தனித்தனியே புள்ளியிட, சராசரி எடுப்பார்கள். பத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால்தான் மூன்றாவது ஆள். முதலிடம் பெறும் ஒரு கட்டுரை மட்டும் மாகாணப் போட்டிக்குப் போகும்.

புள்ளியிடும் அட்டவணையின் இடப்பக்கம் நான்கு கூறுகள்: உள்ளடக்கம் நாற்பது, ஒழுங்கமைப்பு இருபது, மொழிநடை இருபத்தைந்து, எழுத்தும் குறியீடும் பதினைந்து. மேலே நான்கு நிலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விளக்கமும் புள்ளி வீச்சும்.

கட்டில் கடைசியாக இருந்த கட்டுரை வாவியைப் பற்றியது. எடுத்த எடுப்பிலேயே நண்டு கடித்து வலை அறுந்துவிட்டது. முன்னுரை கிடையாது. ஆனால் வாசித்து முடித்தபோது என் தேநீர் ஆறியிருந்தது. பென்சிலால் எண்பத்திரண்டு போட்டேன்.

இணைப்பாளர் எட்டிப் பார்த்தார். அதுவரை முன்னணியில் இருந்த கட்டுரைக்கு எழுபத்தொன்பது. அதற்கு அழகான முன்னுரை.

“முன்னுரையே இல்ல. எல்லாத்திலயும் கடைசிக் கட்டத்தில போடுங்க சேர்.”

“ஓம் சேர்,” என்றேன். என் வாய்க்கு என்னிடம் அனுமதி கேட்கும் பழக்கம் இல்லை. றப்பரை எடுத்து உள்ளடக்கத்தின் முப்பத்தாறை அழித்தேன். பத்து என்று எழுதினேன், அது கோணலாக விழுந்தது. மேசைதான் ஆடுகிறது என்று அதன் காலைக் குனிந்து வேறு பார்த்தேன்.

ஆசிரியை தன் தாளை மூடிவிட்டு என்னிடம், “நான் போட்டு முடிச்சிட்டன், இனிக் கேக்கலாம்தானே? உள்ளடக்கக் கட்டத்தில முன்னுரை எண்டு எங்க கிடக்கு, சேர்? வாசிச்சுக் காட்டுங்க பாப்பம்,” என்றார்.

தேடினேன். கிடைக்கவில்லை. முன்னுரை என்ற சொல் ஒழுங்கமைப்பு வரிசையில் மட்டும் இருந்தது, அதுவும் இரண்டாம் நிலையில்: ‘கருத்துகள் ஒழுங்காகத் தொடர்கின்றன, முன்னுரை அல்லது முடிவுரை இல்லை. 11–15.’ கடைசிக் கட்டமோ கருத்துகள் சிதறிக் கிடப்பவர்களுக்கு. சிதறிக் கிடந்தது நான்தான்.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமும் வரும். றப்பரை யன்னலுக்கு வெளியே எறிந்தேன். பிறகுதான் அது ஆசிரியையுடையது என்று தெரிந்தது.

“சேர், ஒரு குறைக்கு ஒரு வரிசையிலதான் வெட்டலாம். நாலு வரிசையிலயும் வெட்ட இந்த அட்டவணை விடாது,” என்றேன் இணைப்பாளரிடம்.

“மாகாணத்தில சிரிப்பாங்க!”

“சிரிக்கட்டும். எனக்கது பழக்கம்தான்.”

பேனாவால் எழுதினேன்: முப்பத்தாறு, பன்னிரண்டு, இருபத்தொன்று, பதின்மூன்று. எண்பத்திரண்டு. ஆசிரியை தன் தாளைத் திறந்தார்: எண்பது. மூன்றாவது ஆளுக்கு வேலையே இல்லை. சராசரி எண்பத்தொன்று, முதலிடம்.

இணைப்பாளர் மீண்டும் செருமினார். இருந்தும் கையெழுத்தைப் போட்டு, குறிப்பு நிரலில் எழுதினேன்: ‘முன்னுரை இல்லை. தேவைப்படவும் இல்லை.’