நாற்பத்தெட்டுக் கட்டங்கள்

ராயபுரத்தில் எங்கள் துறைமுகத் தொழிலாளர் மன்றத்துக்கென்று ஒரே ஒரு சினிமா கேமரா இருந்தது. அதைப் பதினோரு பேர் முறை வைத்து வாங்கிப்போய், அவரவர் வேலை செய்யும் இடத்தைப் படம் பிடித்தோம். துண்டுகளை ஒட்டி ஆண்டு விழாவில் காட்டுவதாக ஏற்பாடு. தலைப்பும் கடைசியில் வரும் பெயர்களும் என் பொறுப்பு.

கிரேன் ஓட்டும் பாய் அறுபத்திரண்டு படி ஏறி, மேலிருந்து கப்பலைப் பிடித்துத் தந்தார். தரும்போது ஒன்று கேட்டார்.

"பேரு போடுவியா நைனா? இங்க எல்லாம் கிரேன் நம்பரைச் சொல்லி 'ஏய் பதினாலு'ன்னுதான் கூப்டுறானுங்கோ."

போடுகிறேன் என்றேன்.

தலைப்புக்கு அட்டை எழுத்துகளை ஒவ்வொன்றாக வைத்து, எழுத்துக்கு நான்கு கட்டம், அதாவது நான்கு ஃப்ரேம், எடுத்தேன். பெயர்களைக் கறுப்புத் தாளில் வெள்ளையாக எழுதி, உருண்டையான பிஸ்கட் டின்னில் சுற்றி ஒட்டினேன். டின்னை ஒரு நூலளவு திருப்பி ஒரு கட்டம், மறுபடி திருப்பி ஒரு கட்டம். படத்தில் பெயர்கள் கீழிருந்து மேலே ஏறும்.

பம்பாயில் கழுவிய சுருள் விழா அன்று காலைதான் தபாலில் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஓட்டிப் பார்த்தோம். பத்துப் பெயர்தான் ஏறியது. பாயின் பெயர் தாளின் கடைசி வரி. ஒட்டும்போது ஓரத்துக்கு அடியில் போயிருந்தது. எடுத்த அன்று நான் கட்டங்களை எண்ணினேன், பெயர்களை எண்ணவில்லை.

மன்றச் செயலாளர், "வுடுப்பா, வாயால சொல்லிக்கலாம்" என்றார்.

"பொண்டாட்டி புள்ளைங்களோட வராரு சார்."

"அதுக்கு இன்னா பண்ணுவ? ஆறரைக்கு ஷோ."

பெயர்களுக்குப் பின்னால் ஃபிலிம் வெறும் கறுப்பாக ஓடியது. அந்தக் கறுப்பை ஊசியால் சுரண்டினால் திரையில் வெள்ளையாகத் தெரியும். நொடிக்குப் பதினாறு கட்டம். மூன்று நொடிக்கு நாற்பத்தெட்டு. பெயரில் நான்கு எழுத்து, ஆக நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எழுத்து. ஒவ்வொரு கட்டமும் சுண்டுவிரல் நகத்தளவு. சுரண்ட வேண்டிய பக்கத்தில் எழுத்தை இடவலம் மாற்றி, கண்ணாடியில் தெரிவதுபோல் எழுதவேண்டும். கொஞ்சம் அழுத்தினால் ஃபிலிம் கிழியும். மாற்றுப் பிரதி கிடையாது. எவ்வளவு பார்த்துச் சுரண்டினாலும் ஒரு கட்டத்தில் எழுத்து விழுந்த இடத்தில் அடுத்த கட்டத்தில் விழவில்லை. செயலாளர் மூன்று முறை வந்து கடிகாரத்தைக் காட்டிவிட்டுப் போனார். முடித்தபோது ஆறு இருபது.

பத்துப் பெயரும் ஒழுங்காக ஏறிப்போயின. திரை கறுத்தது. பிறகு அந்தப் பெயர், திரை முழுக்கப் பெரிதாக, வெடவெடவென்று ஆடிக்கொண்டு நின்றது.

"இன்னா பாய், உம் பேரு மட்டும் நடுங்கினு கீது?" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான்.

"கிரேன் மேல ஏறிப் பாருடா, நீயும் நடுங்குவ!" என்றார் பாய்.

சிரிப்பு அடங்குவதற்குள் படம் முடிந்துவிட்டது. பாய் எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"நைனா, இன்னொரு தபா ஓட்டு. என் சின்னது எழுத்துக் கூட்டிப் படிக்கறதுக்குள்ள பூட்ச்சி."

ஐந்து நொடியாவது சுரண்டியிருக்க வேண்டும். மறுபடி ஓட்டினோம்.