தேநீரோடு விழுங்கிய முப்பது மாத்திரைகள்

அவளுக்குப் பட்டாசு என்று பெயர் வைத்தது யார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் தையல் ஆலையின் மருத்துவ அறைக்கு நான் நர்ஸாக வந்தபோதே அவள் பட்டாசுதான். சட்டைக்குக் காலர் வைக்கும் மெஷினில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருந்தாள். ஆள் குள்ளம், ஒல்லி. வாயைத் திறந்தால் மட்டும் அடுத்த மாடிவரை கேட்கும். சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் மற்ற பெண்கள் தலையைக் குனிவார்கள். இவள் நிமிர்ந்து பார்த்து, "ஏன் சார்?" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கே மனிதர் அடுத்த மெஷின் பக்கம் நகர்ந்துவிடுவார்.

அவளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரு திருட்டுக் குற்றம். துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டி அவள் உட்காரும் தையல் வரிசையில், அதாவது லைனில், அடிக்கடி காணாமல் போயிருக்கிறது. பையைச் சோதித்ததில் ஆறு துண்டுகள் கிடைத்தன, எல்லாவற்றின் ஓரத்திலும் பல் பதிந்திருந்தது. மேனேஜரிடம் நிறுத்த அழைத்துப் போகும்போது, படியில் பாதி ஏறியதுமே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் அலுத்துக்கொண்டே என் அறைக்குள் கொண்டுவந்து விட்டார்.

"திருடிட்டு நாடகம் ஆடுறா சிஸ்டர்."

"திருடல சார். தின்னேன்," என்றாள் பட்டாசு.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளுத்துக் கிடந்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கருவியில் வைத்தேன். ஹீமோகுளோபின் எட்டு புள்ளி நாலு. கர்ப்பிணிக்குப் பதினொன்றாவது இருக்க வேண்டும். அவளுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

"உடம்புல இரும்புச்சத்து குறைஞ்சா சிலருக்கு இப்படித்தான், சாக்குக்கட்டி, மண்ணு, ஐஸ் மேலெல்லாம் ஆசை வரும்," என்றேன். "இது திருட்டு இல்ல சார், ரத்தசோகை."

"சத்து இல்லேன்னா களைப்பா இருக்கும்னுதானே சொல்வாங்க? எனக்கு எப்பவும் களைப்பாத்தானே இருக்கு, அதனால தெரியல," என்றாள் அவள்.

அவளுக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். மெஷினுக்குக் கரண்ட் குறைவாக வந்தால் ஓடும், ஆனால் இழுத்து இழுத்து ஓடும். மூச்சில் இழுக்கிற காற்றை உடம்பெல்லாம் சுமந்து போவது ரத்தத்தின் சிவப்பு. அந்தச் சிவப்பு உண்டாக இரும்பு வேண்டும். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அந்தத் தேவை இன்னும் கூடும். இப்படியே பிரசவத்துக்குப் போனால் கொஞ்சம் ரத்தம் போனாலும் உடம்பு தாங்காது, பிள்ளையும் எடை குறைந்து, நாள் ஆகும் முன்பே பிறக்கலாம். அதைக் கேட்டபோதுதான் முதல்முறையாக அவள் முகம் மாறியது. "என்ன செய்யணும், அதைச் சொல்லுங்கக்கா," என்றாள்.

மகப்பேறு டாக்டர் தினம் இரண்டு இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார், கூடவே ஒரு சுண்ணாம்புச்சத்து மாத்திரை. ஒரு மாதத்தில் எண் ஏறவில்லை என்றால் ஊசி வழியாக இரும்பை ஏற்றலாம் என்றார். இனி வருவது என் பெருமையும் என் முட்டாள்தனமும்.

நான் வருவதற்கு முன்பு அந்த ஆலையில் கொடுத்த மாத்திரையில் பாதி கழிப்பறைக்குள் போயிருக்கிறது. அதனால் நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன்: பத்தரை மணி டீ நேரத்தில் என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். ஒரு கையில் டீ, ஒரு கையில் மாத்திரை, ஒரே மடக்கு. பதிவேட்டில் ஒரு டிக். ஒரு நாள்கூட விடுபடாத என் பதிவேட்டைப் பார்த்து மேலிடத்திலிருந்து சோதிக்க வந்த டாக்டரே பாராட்டினார். பட்டாசுக்கும் அதே சட்டம்தான், விடுமுறை நாளில் வீட்டில் என்றாலும் டீயோடுதான். இரவு மாத்திரை மறந்துபோகாமல் இருக்க, சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து ஒரு டம்ளர் பாலில் போட்டுக்கொள் என்றும் நானே சொல்லிக் கொடுத்தேன்.

மாத்திரையால் அவளுக்கு வீட்டிலும் சண்டை வந்தது. மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரைக்கு வழக்கம்தான்; அதைக் கேள்விப்பட்ட மாமியார், பிள்ளையும் கறுப்பாகப் பிறக்கும் என்று சொல்லிவிட்டார். "நானும் கறுப்பு, உங்க மகனும் கறுப்பு. இதுல மாத்திரை வந்து புதுசா என்னத்தப் பண்ணப் போகுது அத்தே?" என்று கேட்டாளாம். மாமியார் இரண்டு நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். மூன்றாம் நாள், "சாப்பிட்டுட்டுப் போடுடி, வெறும் வயித்துல போட்டா குமட்டும்," என்று அவரே எடுத்துக் கொடுத்தாராம்.

முப்பது நாள் முடிந்தது. விரலைக் குத்தினேன். எட்டு புள்ளி அஞ்சு.

கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி குத்தினேன். அதே எண்.

"ஒண்ணுகூட விடாம விழுங்கினேனே! உங்க கண்ணு முன்னாடிதானே விழுங்கினேன்?" என்றாள். பேசும்போதே அவள் பார்வை என் மேசையில் இருந்த டீ டம்ளரின் மேல் விழுந்தது. நானும் அதைப் பார்த்தேன். படித்ததெல்லாம் அப்போதுதான் தலையில் ஏறியது. டீயும் காபியும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. பாலும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் அப்படியே. விழுங்கினாளா என்று பார்த்த நான், எதோடு விழுங்கினாள் என்று பார்க்கவே இல்லை.

அவளிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். அவள் எழுந்த வேகத்தில், அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். "என் பிள்ளையோட ஒரு மாசத்த டீயில கரைச்சுக் குடிக்க வெச்சிட்டீங்களேக்கா," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டரிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். இன்னும் நான்கு வாரம் சரியான முறையில் போட்டுப் பார்க்கலாம், அப்போதும் ஏறாவிட்டால் ஊசிதான் என்றார். மாத்திரை நேரத்தை மாற்றினேன். ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து. இன்னொன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு. சுண்ணாம்புச்சத்து காலையில், தனியாக. டீ வேண்டுமென்றால் நாலு மணிக்குக் குடித்துக்கொள். சாப்பாட்டில் கீரை, பயறு, பருப்பு, முடிந்தால் மீனோ கறியோ, கூட ஒரு கொய்யாத் துண்டு.

"எல்லாம் சரி," என்றாள் பட்டாசு. "மாத்திரை போட்டா கல்லு மாதிரி இறுகிக்குதே, அதுக்கு?"

"தண்ணி நிறையக் குடி."

"குடிச்சா?"

அவள் கேட்டது கழிப்பறையைப் பற்றி. ஒரு லைனுக்கு இருபத்துநாலு பெண்கள், கழிப்பறைக்குப் போக ஒரே ஒரு மர டோக்கன். அது ஆணியில் தொங்கினால்தான் எழுந்திருக்கலாம். இரண்டாம் முறை எடுத்தால் சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதனால் அங்கே யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. மாத்திரை போட்டால் இறுகுகிறது என்று முன்பு அதைக் கழிப்பறைக்குள் போட்டதும் அதனால்தான். இது இத்தனை நாள் எனக்கு உறைக்கவே இல்லை.

மறுநாள் அவள் இரண்டு லிட்டர் பாட்டிலை மெஷின் மேலேயே வைத்தாள். டோக்கன் ஆணியில் இல்லாதபோது எழுந்து போனாள். ஒரே நாளில் ஐந்து முறை. சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாள், தட்டச்சு செய்து தயாராக இருந்தது. ரத்தம் குறைவாக இருப்பதால் இவர் வேலைக்குத் தகுதியற்றவர், உடனே வீட்டுக்கு அனுப்பலாம். கீழே என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அவ நல்லதுக்குத்தான் சிஸ்டர். எட்டரையோட எப்படி வேலை செய்வா?"

"இத்தனை நாள் அதோடதான் சார் செஞ்சா."

"நாளைக்கழிச்சு எனக்குக் கையெழுத்து வேணும்."

வீட்டுக்குப் போனால் திரும்ப எடுக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவளிடம் சொன்னேன். "ரத்தம் குறைஞ்சவங்க எல்லாம் வீட்டுக்குப் போகணும்னா, யார் யாருன்னு மொதல்ல கணக்கெடுங்கக்கா," என்றாள்.

அடுத்த நாள் மதியம் அவள் லைன் மொத்தமும் என் கதவுக்கு வெளியே வரிசையில் நின்றது. முன்னால் புதிதாகச் சேர்ந்த பெண்கள் நால்வர், பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரிகள். ஒருத்தி கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். "ஊசின்னா பயமா? மாசாமாசம் உனக்குப் போற ரத்தத்த விடவா இது?" என்று பட்டாசு அவள் கையைப் பிடித்து நீட்டினாள். அந்தப் பெண்ணுக்கு ஒன்பது புள்ளி ஆறு. கர்ப்பமில்லாதவளுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும் என்றதும் விழித்தாள். "படியேறினா நெஞ்சு படபடன்னு அடிக்கும்க்கா. சோம்பேறின்னு எங்கம்மா திட்டுவாங்க," என்றாள். கண்ணாடியைக் கொடுத்துக் கீழிமையை அவளையே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். பக்கத்துப் பெண்ணின் இமையையும் பார்த்து, "நீயும் வெள்ளைதான்டி!" என்று கத்தினாள். சிரிப்பு அடங்கவே ஐந்து நிமிடம் ஆனது.

ஒரு மதியத்தில் முடியவில்லை, மறுநாளும் நீண்டது. இருபத்துநாலு பேரில் பதினேழு பேருக்கு ரத்தம் குறைவு. பெயர் இல்லாமல் எண்ணை மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். "பேரையும் போடுங்க," என்று அவர்கள்தான் பிடிவாதம் பிடித்தார்கள்.

பட்டியலையும் அந்தத் தட்டச்சுத் தாளையும் மேனேஜர் மேசையில் வைத்தேன். பட்டாசு என் பின்னாலேயே வந்திருந்தாள்.

"ஒருத்திக்குக் கையெழுத்துப் போட்டா பதினேழு பேருக்கும் போடணும் சார்," என்றேன். "நாளைக்குக் காலர் யார் வைப்பா, சட்டைக்குக் கை யார் வைப்பா, நீங்களே ஆள் பாத்துக்கங்க. இல்லேன்னா அந்த டோக்கனக் கழட்டுங்க. மாத்திரையும் தண்ணியும் நான் பாத்துக்கறேன்."

அவர் பட்டியலை மேலிருந்து கீழ்வரை படித்தார். சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். அன்று மாலை ஆணியில் டோக்கன் இல்லை.

நான்கு வாரம் கழித்து மேனேஜர் எதிரிலேயே அவள் விரலைக் குத்தினேன். அவர்தான் அப்படிக் கேட்டிருந்தார், இன்னும் நம்பிக்கை இல்லை போல. அவளுக்கு ஏழாம் மாதம். ஒன்பது புள்ளி ஏழு. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னும் பதினொண்ணு ஆகலையே," என்றார் மேனேஜர்.

"ஆகல சார். ஒரு மாசம் வீணாப் போச்சு, அதுக்கு இந்த அக்காவைக் கேக்க வேண்டியதைக் கேட்டுட்டேன். அவங்க ஒத்துக்கிட்டாங்க, சரி பண்ணாங்க." பட்டாசு பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே எழுந்தாள். "ஒன்பது வருஷம் இங்க தண்ணி குடிக்காம தைச்சேன். அதை நான் யாரைக் கேக்கணும்னு நீங்க சொல்லுங்க."

அவர் கருவியை என் பக்கம் தள்ளிவிட்டு, "வேலைக்குப் போம்மா," என்றார். "பதில் சொன்னப்புறம் போறேன் சார்," என்று அவள் கதவருகே நின்றுகொண்டாள்.