தையல்கார அத்தையின் யானை

தையல்கார அத்தை யானையை நகர்த்தினால் பூமியே அந்தப் பக்கம் சாயும் என்று சதுரங்கக் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டியவன் அவளுடைய தம்பி மகன். இன்று அவனுக்கும் அவளுக்கும்தான் ஆட்டம். ஜெயிப்பவருக்குக் கழக அணியில் கடைசி இடம். அணிப் பட்டியல் எழுதுவதும் அவன்தான்.

நடுவில் ஒரு நேர்வரிசையில் சிப்பாய்களெல்லாம் வெட்டுப்பட்டு வழி திறந்ததும், அத்தை அந்த வழியே ஒரு யானையை ஏழாம் வரிசைக்கு ஏற்றினாள். அது பக்கவாட்டில் நகர்ந்து அவனுடைய சிப்பாய் ஒன்றைத் தின்றது. அவன் ராஜா கடைசி வரிசையிலேயே முடங்கியது. இரண்டாவது யானையும் அதே வழியில் ஏறிவிட்டால் அவன் கதை முடிந்தது.

அத்தை தண்ணீர் குடிக்கத் திரும்பிய சமயம், அவன் செத்துப்போன சிப்பாய் ஒன்றை அந்த வழியின் நடுவில் நட்டுவைத்தான்.

அத்தை பலகையைப் பார்த்தாள். “ஏண்டா, இவன் இங்கயே நின்னுட்டிருந்தா என் யானை எப்படி மேல போச்சு?”

“குதிரைகிட்ட தாண்டக் கத்துக்கிட்டிருக்கும், அத்தை.”

சிரித்தபடியே சிப்பாயைப் பெட்டியில் போட்டாள். இரண்டாவது யானையும் ஏறியது. ஐந்தே நகர்த்தலில் ராஜா மாட்டியது.

“போய் அணிப் பட்டியல்ல என் பேரை எழுது.”

அவன் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்தான். அத்தை எட்டிப் பார்த்தாள். கடைசி இடத்தில் அவள் பெயர் ஏற்கெனவே இருந்தது.

“நேத்தே எழுதிட்டியாடா, திருடா?”