உரத்தொட்டியில் மத்திக் குழம்பு

அரவேணுவில் தேயிலை ஃபேக்டரிக்குப் பின்னால் வரிசையாக நாலு வீடு. கடைசி வீடு குமாரசாமியுடையது. முப்பத்தாறு வருடம் ஃபேக்டரியில் இலை புளிக்க வைக்கும் அறையில் நின்றவர். கையை வைத்தே இலையின் சூட்டைச் சொல்வார். மூக்கை வைத்தே பக்குவத்தைச் சொல்வார். ஐம்பத்தெட்டு முடிந்ததும் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பினார்கள். நேரம் பார்த்து எங்கும் போகவேண்டியதில்லை என்றான ஆளுக்குக் கடிகாரம்.

மூன்றாம் நாளே மனிதர் தவித்துப் போனார். கொல்லையில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, இடுப்பளவு தொட்டி ஒன்று கட்டினார். நாலு வீட்டுக் காய்கறித் தோலும் இனி இங்கேதான், உரம் தயாரானதும் அவரவர் பீன்ஸ் பாத்திக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். நாலு வீடும் சரி என்றது. குப்பை வண்டி வரும் நேரம் அந்த வண்டிக்கே தெரியாத ஊர் அது.

முதல் பதினைந்து நாள் ஒன்றும் மக்கவில்லை. காரணம், தொழில் பக்தி. இலை சூடேறினால் டீ கெட்டது என்பது அவர் படித்த பாடம். தொட்டிக்குள் கை விட்டவர் கதகதப்பு தெரிந்ததும் பதறிப்போய், எல்லாவற்றையும் வாரிச் சாக்கில் பரப்பிக் காற்றாட விட்டார். தினமும் இதே வேலை. தோலெல்லாம் வற்றலாகி நின்றது.

பக்கத்து வீட்டு கெஸியா, பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர், வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, இது வடகமா, உரமா?"

"சூடு ஏறுதும்மா."

"ஏறட்டுமுங்ணா! சூடு ஏறுனாத்தான் உள்ள இருக்குற பூச்சி புழுவெல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம். டீ போடறீங்களா, உரம் போடறீங்களா?"

அதற்குப் பிறகு ஒழுங்காக நடந்தது. ஒரு கூடை ஈரக் குப்பைக்கு இரண்டு கூடை காய்ந்த சில்வர் ஓக் மரச் சருகு, நொறுக்கிப் போட வேண்டும். கற்பூரத் தைலமர இலை ஆகாது, அதன் எண்ணெய்ப் பசை லேசில் மக்காது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் இரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. வாரம் ஒரு தரம் புரட்டிக் காற்று விடவேண்டும். மழைக்கு மேலே தகரம். தோல், டீ வடித்த சக்கை, நொறுக்கிய முட்டை ஓடு எல்லாம் உள்ளே போகலாம். குளிர் ஊர் என்பதால் நாலைந்து மாதம் பொறுக்கவேண்டும். குமாரசாமிக்குப் பொறுமை நிறைய இருந்தது, வேறு வேலைதான் இல்லை.

மூன்றாவது மாதம் தொட்டி நாறியது. அழுகின நாற்றம். ஒரு விடிகாலை கரடி வந்து தகரத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, கெஸியாவின் பீன்ஸ் பந்தலையும் சாய்த்துவிட்டுப் போனது. வனக்காவலர் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"ஏனுங்க, மீனு போட்டிருக்கீங்க. கரடிக்கு நீங்களே பத்திரிகை வச்சிருக்கீங்க. பத்து நாள் டைம். அதுக்கப்புறமும் நாத்தம் இருந்துச்சுன்னா தொட்டியை இடிச்சிருவோம்."

குமாரசாமிக்கு முகம் செத்துப் போனது. வேலை போன பிறகு அவரிடம் மிஞ்சியிருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கொல்லை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வீட்டு வாளியையும் குச்சியால் கிளறிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். சுவரில் அட்டை தொங்கியது: மீன், கறி, எலும்பு, பால், தயிர், எண்ணெய்ப் பண்டம், குழம்புச் சோறு, சாஷே கவர் கண்டிப்பாகக் கூடாது. கெஸியாவின் வாளியில் கால் மணி நேரம் குடைந்தார்.

"இது என்ன?"

"வெங்காயத் தோலுங்ணா."

"அடியில?"

"அதுவும் வெங்காயத் தோலுங்ணா. எல்லா வெங்காயத்துக்கும் தோல் உண்டு."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடலாம், வாசகர் வீணாகக் கெஸியாவைச் சந்தேகிக்க வேண்டாம். மீன் போட்டது குமாரசாமி. தினமும். அவரே.

அவர் மனைவி வேலாமணி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவர். விடியுமுன் எழுந்து சோறு, மத்திக் குழம்பு, முட்டைப் பொரியல் என்று மூடி வைத்துவிட்டுப் போவார். மாலை வந்தால் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். மனுஷன் நன்றாகச் சாப்பிடுகிறார் என்று அவருக்குச் சந்தோஷம். சாப்பிட்டதெல்லாம் தொட்டி.

அட்டையை எழுதிய கையாலேயே அன்று மத்தியானமும் குழம்புச் சோற்றைச் சருகுக்கடியில் புதைத்தார். திருடனே காவலுக்கு நின்றால் களவு எப்படிப் பிடிபடும்?

கெஸியா பிடித்தார். ரோஷக்காரி. மற்ற இரண்டு வீட்டிலும் பேசிவைத்து, நாலு நாளைக்கு யாரும் ஒரு தோல்கூடப் போடவில்லை. ஐந்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நாற்றம் கூடியிருந்தது.

"வேலாமணியக்கா, நாங்க நாலு நாளா எதுவும் போடல. மிச்சம் உங்க ஊடு ஒண்ணுதான்," என்றார் கெஸியா வேலிக்கு மேலிருந்து.

வேலாமணி சருகு கிளறும் முள்வாரியை எடுத்துவந்து தொட்டியைக் கிளறினார். நடுவில் எண்ணெய் படிந்து கட்டிகட்டியாகச் சோறு. காற்று புகாமல் அப்படியே கறுத்து அழுகியிருந்தது. மத்தி முள். முட்டைப் பொரியல். குனிந்து பார்த்தவர் கணவன் பக்கம் திரும்பினார்.

"இது என் குழம்பு."

குமாரசாமி ஸ்டூலைப் பார்த்தார்.

"இத்தன நாளா மத்தியானம் என்னத்தத் தின்னுட்டு இருந்தீங்க?"

"கடையில டீ. பன்னு."

"என் சமையல் அவ்வளவு ஆகலையாக்கும்?"

"அதில்ல அம்மணி. முப்பத்தாறு வருஷம் கேன்டீன்ல எட்டுப் பேரு கூடக் குந்தித் தின்னவன். தனியா உக்காந்தா தொண்டையில எறங்கமாட்டீங்குது. சொன்னா நீ வேலைய விட்டுருவேன்னு..."

"நாய்க்காவது போட்டிருக்கலாமில்ல?"

"போட்டா நீ வர்ற நேரத்துக்கும் வாசல்ல வந்து நிக்கும். உனக்குத் தெரிஞ்சுரும்."

வேலாமணி முள்வாரியைத் தொட்டி மேல் சாய்த்தார். அழுவாரா அடிப்பாரா என்று கெஸியா காத்திருந்தார்.

"எங்கிட்ட சொல்லாட்டிப் போகுது. வாளி கிளறுனீங்களே, அவங்க மூணு ஊட்டுலயும் போய் நீங்களே சொல்லிட்டு வாங்க."

வேலி தாண்டிக்கூடப் போகவேண்டியிருக்கவில்லை. கெஸியா எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆனாலும் குமாரசாமி சுற்றிக்கொண்டு அவர் வாசலுக்குப் போனார்.

"நான்தான்ம்மா போட்டேன். உன்னையப் போயி சந்தேகப்பட்டேன்."

"தெரியுமுங்ணா. உள்ள வந்து உக்காருங்க. முதல்ல ஒரு வாய் தின்னுட்டு அப்புறம் மன்னிப்புக் கேளுங்க. வெறும் வயித்துல மன்னிப்பு எடுபடாது."

இட்லி ஆறு போயிற்று. பக்கத்தில் கெஸியா உட்கார்ந்து ஸ்கூல் எச்.எம்.மைத் திட்டிக்கொண்டிருந்ததால், எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை.

மற்ற இரண்டு வீட்டிலும் போய்ச் சொன்னார். அன்றே நாலு வீடும் சேர்ந்து தொட்டியைக் கலைத்தன. மீனையும் எண்ணெய்க் கட்டியையும் பொறுக்கி இறுகக் கட்டிக் குப்பை வண்டிக்கு வைத்தார்கள். மிச்சத்தில் ஏழு கூடைச் சருகைக் கலந்து புரட்டி, தகரத்தின் மேல் கல்லை வைத்தார்கள். மூன்றாம் நாள் நாற்றம் அடங்கியது. நாலாம் நாள் குமாரசாமி கையை விட்டார். கதகதவென்று இருந்தது. வனக்காவலர் வந்து குனிந்து முகர்ந்தார்.

"மண்ணு வாசம் வருதுங்க. இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது தினமும் பன்னிரண்டு மணிக்கு குமாரசாமி இரண்டு தூக்குப்போசியில் சோறும் குழம்புமாகத் தேயிலைக் காட்டு மேட்டில் ஏறுகிறார். வேலாமணியோடு சேர்த்துக் கொழுந்துக்காரிகள் ஒன்பது பேருக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிடும் ஒரே ஆம்பளை.

"குமாரசாமியண்ணா, இன்னிக்கு இன்னொரு அகப்பை போடட்டுமா, இல்ல தொட்டிக்குக் கொண்டு போறீங்களா?" என்று ஒருத்தி கேட்டாள்.

தட்டை நீட்டினார்.