நாற்பத்தெட்டும் இருபதும்

அந்தக் கண்ணாடிக் கடையில் இரண்டு உலகங்கள் இருந்தன. முன்பக்கம் வெளிச்சமும் நிலைக்கண்ணாடியும் ஃப்ரேம்கள் தொங்கும் சுவரும். பின்பக்கம், பலகைத் தடுப்புக்கு அந்தப் புறம், லென்ஸ் தேய்க்கும் மெஷினும் ஒரு முக்காலியும் நம் லென்ஸ்காரரும். மனிதர் அங்கே உட்கார்ந்தே பாதித் தலை நரைத்துவிட்டார்.

கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கூட்டல்காரர்'. காரணம் இருக்கிறது. எந்த ஃப்ரேம் கைக்கு வந்தாலும் அதன் காதுக்கம்பியின் உட்புறத்தைத் திருப்பி, அங்கே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண்களைப் படித்து, முதல் இரண்டையும் மனசுக்குள் கூட்டிவிடுவார். முதல் எண் ஒரு லென்ஸின் அகலம். பக்கத்தில் ஒரு குட்டிச் சதுரம். அதற்கடுத்த எண் இரண்டு லென்ஸுக்கும் நடுவில் மூக்கின்மேல் உட்காரும் பாலத்தின் அகலம். எல்லாம் மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் ஒரு லென்ஸின் நடுவிலிருந்து இன்னொரு லென்ஸின் நடு வரைக்கும் உள்ள தூரம் வந்துவிடும். அதையும் ஆளின் இரு கண்மணிகளுக்கு இடையே உள்ள தூரத்தையும் ஒப்பிட்டால், லென்ஸை எவ்வளவு உள்ளே தள்ளி வெட்டவேண்டும் என்று தெரிந்துவிடும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மூன்றாவதாக இருக்கும் காதுக்கம்பியின் நீளத்தை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

"முன்னாடி நிக்கிறவங்களுக்கு மூக்கு, காது, அழகுன்னு ஆயிரம் கவலை. எனக்குக் கூட்டல் ஒண்ணு சரியா வந்தா போதும்" என்பார், ஏதோ அரண்மனைக் கணக்கு பார்க்கிறவர் மாதிரி.

முன்னாடி விற்பனை மேஜையில் நின்றது கவுண்டர்க்காரப் பெண். வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம், கை சுத்தம். வருகிறவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த ஃப்ரேம் நிற்கும், எது வழுக்கும் என்று சொல்லிவிடுவாள். "அண்ணே, மூக்குன்னு ஒண்ணு இருக்கு, அதையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிச் சொல்வாள். அவர் மெஷினைப் போட்டுவிடுவார். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் குழந்தை அழுதாலே கேட்காது, இவள் சொல்வதா கேட்கப்போகிறது!

லென்ஸ்காரரின் மனைவி டவுன் பஸ் ஓட்டுகிறவர். சும்மா இல்லை, நெரிசலுக்குப் பேர்போன மார்க்கெட் ரூட். அதில் நம்மாளுக்கு ஏகப்பட்ட பெருமை. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த அம்மாவின் பழைய கண்ணாடியின் கம்பி ஒடிந்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் ஃப்ரேமை எடுத்து, தன் கையாலேயே லென்ஸ் வெட்டிப் போட்டு, கல்யாண நாளில் கொடுத்தார். நகையோ புடவையோ அவராக வாங்கிக் கொடுத்த வரலாறே கிடையாது என்பதால் வீடே வாயைப் பிளந்தது. பார்வை பளிச்சென்று இருக்கிறது என்று மனைவி சொன்னார். பொய்யில்லை, அது உண்மை.

அதற்கப்புறம் அந்த அம்மாவுக்கு ஒரு பழக்கம் வந்தது. நொடிக்கொரு தரம் வலது கை விரலால் கண்ணாடியை மேலே தள்ளுவது. சாதம் போடும்போது தள்ளுவார், பேப்பர் படிக்கும்போது தள்ளுவார், சண்டை போடும்போது இன்னும் வேகமாகத் தள்ளுவார். நம்மாளுக்கு அது பஸ் ஓட்டுகிறவர்களின் ஒரு தோரணை என்று எண்ணம். "எங்க வீட்டுக்காரி ஸ்டைலைப் பார்க்கணுமே" என்று கடையில் நடித்துக்கூடக் காட்டியிருக்கிறார். இந்த மனுஷனை என்ன சொல்வது?

அன்றைக்கு மத்தியானம் பேங்க் போய்வருகிறேன் என்று காலையிலேயே வீட்டில் சொல்லியிருந்தார். கிளம்பும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. சரி, நாளைக்குப் போனால் போச்சு என்று மெஷினை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். கவுண்டர்க்காரப் பெண் அந்த நேரம் வாசலில் ஈரக்குடைகளை ஒதுக்கிக்கொண்டிருந்ததால், அவர் போகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

முதல் கவளம் வாய்க்குப் போகும்போது முன்னாடி மனைவியின் குரல் கேட்டது.

"தங்கச்சி, அவர் பேங்குக்குப் போயிட்டாருல்ல?"

"போயிருப்பாரு அண்ணி. என்ன இந்த மழையில?"

"அவருக்குத் தெரியாம ஒரு காரியம். நாளைக்கு என்கூட பஸ்ல இன்ஸ்பெக்டர் வர்றார். பயணி ஒருத்தர் எழுதிப் போட்டுட்டார், இந்த அம்மா சும்மா சும்மா ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்குதுன்னு. நாளைக்கும் எடுத்தா ரூட்டு போச்சு. டிப்போவுக்குள்ளேயே வண்டியை முன்னாடி பின்னாடி நகர்த்திக்கிட்டுக் கிடக்க வேண்டியதுதான்."

தடுப்புக்குப் பின்னால் கவளம் பெட்டிக்கே திரும்பிப் போனது.

"எதுக்கு அண்ணி கையை எடுக்கறீங்க?"

"எதுக்கா? இந்தா பாரு, இப்படிக் குனிஞ்சா இங்க வந்து நிக்குது. பிரேக் போட்டா மூக்கு நுனிக்கே வருது. ரப்பர் போட்டேன், கயிறு கட்டினேன், மூக்குல பவுடர்கூடப் போட்டேன். என் மூக்குதான் சப்பை, என்ன செய்ய."

"உங்க மூக்குக்கு ஒரு குறையும் இல்ல. குடுங்க இப்படி." கவுண்டர்க்காரப் பெண் கம்பியை விரித்து வெளிச்சத்தில் பிடித்திருக்க வேண்டும். "நாற்பத்தெட்டு, சதுரம், இருபது. அப்புறம் நூத்தி நாற்பது. ஐயய்யே, பாலம் இருபதா! உங்க மூக்குக்கு இதுல லாரியே போகலாம் அண்ணி. பாலம் அகலமா இருந்தா பிடிமானமே இருக்காது, வழுக்கத்தான் செய்யும். குறுகலா இருந்தா கிள்ளி, தடம் விழுந்திருக்கும். பழசு இருக்கா?"

பையைத் துழாவும் சத்தம். ஒடிந்த கம்பியை இத்தனை நாள் வைத்திருந்தாரா இவர்!

"ஐம்பத்திரெண்டு, பதினாறு, நூத்தி நாற்பது. இது நல்லா நின்னுச்சா?"

"ஆணி அடிச்ச மாதிரி நின்னுச்சு."

இரண்டு கம்பிகளும் மேஜைமேல் உரசும் சத்தம். பிறகு அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்தாள். "ஐம்பத்திரெண்டும் பதினாறும் அறுபத்தெட்டு. நாற்பத்தெட்டும் இருபதும் அறுபத்தெட்டு. அண்ணி, இதை எடுத்தது யாருன்னு நான் கேட்கவே வேண்டாம்."

"உங்க அண்ணன்தான், வேற யாரு."

லென்ஸ்காரருக்குக் காது சூடாகிவிட்டது. கூட்டல் சரி, நூற்றுக்கு நூறு சரி. லென்ஸின் நடு, கண்ணின் நடுவுக்கு நேரே வந்தது, பார்வையும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் மூக்கு கூட்டலில் இல்லையே! அது நடு எண்ணில் மட்டும் அல்லவா இருக்கிறது? லென்ஸில் நாலு குறைந்தால் பாலத்தில் நாலு ஏற்றி ஈடுகட்டலாம் என்று கணக்குக்குத் தெரியும், மூக்குக்குத் தெரியுமா? தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சத்தம் வரும் என்று விட்டுவிட்டார்.

"காதுக்குப் பின்னாடி வளைச்சு இறுக்கித் தர முடியாதா?" மனைவி கேட்டார்.

"இறுக்கலாம். காதுதான் வலிக்கும், மூக்குமேல இடைவெளி அப்படியேதான் இருக்கும். கம்பி ஃப்ரேமா இருந்தா மூக்குத் தாங்கியையாவது நெருக்கி வைக்கலாம், இது கெட்டிப் பிளாஸ்டிக். பழைய அளவிலேயே வேற எடுத்துக்கோங்க. இந்தச் சின்ன லென்ஸ் அதுக்குள்ள நிக்காது, புதுசாத்தான் வெட்டணும்."

"வெட்டணும்னா அவர்கிட்டல்ல போகணும்! பவரைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிருவார்."

"இதே பவர் ஊர்ல எத்தனையோ பேருக்கு இருக்கு. வேற பேர்ல அனுப்புறேன். சாயங்காலம் வாங்க."

"சொல்லிடாத தாயி. அவரா எனக்குன்னு பார்த்து வாங்கிக் குடுத்தது இது ஒண்ணுதான். அது நிக்கலன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயிரும்."

வெளியே போய், 'நான் இங்கதான் இருக்கேன்' என்று நிற்கலாமா என்று அவருக்கு ஒரு வேகம் வந்தது. எழுந்தார். அப்புறம் மனைவி எவ்வளவு கூனிக் குறுகிப் போவாள் என்று நினைத்து மறுபடி உட்கார்ந்துவிட்டார். ரெண்டு வருஷம் தன் மனசு நோகக்கூடாது என்று பொறுத்தவளிடம், இன்னும் ஒரு நாள் தான் பொறுத்தால் குடியா முழுகிவிடும்?

மனைவி போனதும் கவுண்டர்க்காரப் பெண் தட்டில் புது ஃப்ரேமோடு பின்னால் வந்தாள். முக்காலியில் ஆளைப் பார்த்ததும் தட்டே கைநழுவப் பார்த்தது.

"அண்ணே! எவ்வளவு நேரமா இங்க இருக்கீங்க?"

"மூக்கு சப்பைன்னு அவ சொன்னதுக்கு முன்னாடியிருந்து."

அவள் சிரிக்கலாமா கூடாதா என்று தவித்தாள். அவரே கையை நீட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். கம்பியைத் திருப்பினார். ஐம்பத்திரெண்டு, பதினாறு. பழக்க தோஷத்தில் அறுபத்தெட்டு என்று வாய் வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டார். "நீயே இன்னொரு தடவை அவ மூக்கை நினைச்சுப் பாரு. பதினாறு போதுமா? பதினேழு வேணுமா?"

"பதினாறுதான் அண்ணே. அண்ணிக்கு நானே போட்டுப் பார்த்துட்டேன், அசையல."

அந்த ஜோடி லென்ஸுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் மற்ற நாளில் ஏழெட்டுக் கண்ணாடி முடிந்திருக்கும்.

மறுநாள் பூராவும் மனிதர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாரே தவிர, மனசு மார்க்கெட் ரூட்டில் ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் நின்றார். மனைவி தெருமுனையில் திரும்பி வந்தார். கண்ணாடி மூக்கின்மேல் அசையாமல் இருந்தது. கேட் அருகே நின்றார், அக்கம்பக்கம் பார்த்தார், அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார், பைக்குள்ளிருந்து அந்த நாற்பத்தெட்டு இருபதை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்து செருப்பைக் கழற்றும்போதே அது மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. விரல் தன்னால் மேலே போனது.

பார்த்துக்கொண்டிருந்தவர் ஜன்னலை விட்டு வாசலுக்கு வந்தார்.

"என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்றபடி உள்ளே வந்த மனைவியின் முகத்திலிருந்து அவர் கண்ணாடியை இரண்டு கையாலும் மெதுவாகக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க? எனக்குக் கண்ணு தெரிய வேண்டாமா?"

"ரூட்டு இருக்கா, போச்சா?"

"எந்த ரூட்டு?"

"உன் பைக்குள்ள இருக்கிற கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டினவன் கேட்கிறேன்."

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் சிரிப்பும் அழுகையும் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு வந்தன.

"கையே எடுக்கலங்க. ஒரு தடவைகூட. மேம்பாலத்து இறக்கத்துல ஒரு ஆட்டோ குறுக்க வந்து பிரேக் போட்டேன், அப்பவும் அசையல. நல்லா ஓட்டறீங்கம்மான்னு சொல்லிட்டு இன்ஸ்பெக்டர் இறங்கிப் போயிட்டார்."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? ஒரு நாளும் இல்லாம, எனக்குன்னு பார்த்து வாங்கிட்டு வந்தீங்க."

"பார்த்து வாங்கலம்மா." அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டார். சொல்லவே வெட்கமாக இருந்தது. "கூட்டி வாங்கினேன்."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடி இல்லாத முகத்தை அவர் பக்கம் நீட்டினார்.

"சரி, இப்பப் பாருங்க."

அவர் பார்த்தார். சாப்பாட்டு நேரம் தாண்டும் வரைக்கும் பார்த்தார்.